கமிட்டி சார்

ஓரளவு பெரிய அலுவலகம் எதை எடுத்தாலும் அதில் ஒரு கமிட்டி சார் இருப்பார். அவருடைய அறைக் கதவில் ‘பொது மேலாளர், சிறப்புப் பணிகள்’ என்று எழுதியிருக்கும். என்ன பணி, அதில் என்ன சிறப்பு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதை ஆராயவும் ஒரு கமிட்டி போட்டுவிடுவார் என்ற பயம்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். கையெழுத்துப் போட நீலம், பிறர் எழுதியதைத் திருத்தச் சிவப்பு. நீலம் வாங்கிய மேனிக்கு அப்படியே இருக்கிறது. சிவப்புக்கு மாதம் ஒரு ரீஃபில் ஆகிறது.

வீட்டிலும் அவர் இப்படித்தான். மகள் கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பிடிக்க மூன்று கூட்டம் போட்டு, மினிட்ஸ் எழுதி, சம்பந்தி வீட்டுக்கும் ஒரு நகல் அனுப்பினார். சம்பந்தி நல்ல மனிதர். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிட்டார். குடியிருக்கும் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டி விரிசலுக்கு ஒரு துணைக்குழு இருக்கிறது. தொட்டி இன்னும் ஒழுகுகிறது. ஆனால் அது எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு ஒழுகுகிறது என்பதற்கு முறையான பதிவேடு உண்டு.

சாரின் முழுத் திறமையையும் பார்க்க வேண்டுமென்றால், ஒரு புதிய திட்டத்துக்கு ஸ்டியரிங் கமிட்டி போடும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். அந்தக் கமிட்டியில் யார் யார், எதை அவர்களே முடிவு செய்யலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடுவார்கள் என்று சொல்ல ஒரு தாள் வேண்டும். கோப்பில் அதற்குச் ‘செயல் வரம்பு’ என்று பெயர், தாழ்வாரத்தில் டி.ஓ.ஆர். என்பார்கள். நியாயமாக அது ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய சமாசாரம். சார் கைக்குப் போனால் பதினொரு பக்கம் ஆகும். அந்தப் பதினொன்றிலும் எதை அவர்களே முடிவு செய்யலாம் என்பது மட்டும் இருக்காது.

நாம் பார்க்கப் போகும் இடம் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை. 400 படுக்கை. பதிவு, ஆய்வகம், மருந்தகம், பில்லிங் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்கு மாற்றும் திட்டம். மொத்தம் 3 கோடி ரூபாய். 14 மாத வேலை. எதிர்பாராத செலவுக்கென்று அதற்கு மேல் 10 சதவீதம், அதாவது 30 லட்சம், தனியாக ஒதுக்கியிருந்தார்கள். புது நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 அன்று புதிய பில் அச்சாக வேண்டும். திட்ட மேலாளர் ஓர் இளம்பெண். அவர் ஐந்து பேர் பெயரை எழுதி ஒரு பக்கத் தாளாகக் கொண்டுபோய் சாரிடம் கொடுத்தார்.

“அஞ்சு பேர்தானாம்மா?” என்றார் சார். ஐந்து பேரை மட்டும் கூப்பிட்டால் அது கமிட்டியா, கேரம் போர்டா என்பது போலிருந்தது குரல்.

“முடிவெடுக்க வேண்டியவங்க அஞ்சு பேர்தான் சார்.”

“முடிவு கிடக்கட்டும்மா. விட்டுப்போச்சுன்னு யாரும் வருத்தப்படக் கூடாது பாருங்க.”

ஒரு வாரத்தில் ஐந்து பதினேழானது. சட்ட ஆலோசகர் வந்தார், மக்கள் தொடர்பு அதிகாரி வந்தார், கட்டடப் பராமரிப்பு வந்தது. கேன்டீன் பொறுப்பாளரையும் சேர்த்தார். கூட்டத்துக்கு டீ அனுப்புகிறவர் கூட்டத்துக்கே அந்நியராக இருப்பது முறையில்லை என்றார். நாளைக்கு அந்த மென்பொருளைக் கையில் பிடித்து வேலை பார்க்கப் போகும் நர்சிங் கண்காணிப்பாளர் மட்டும் ‘சிறப்பு அழைப்பாளர், தேவைப்படின்’ என்ற வரிசைக்குப் போனார். தேவைப்பட்டதா என்று முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்று தாளில் இல்லை.

இதில் ஒரு கணக்கு உண்டு. பிரிட்டன் அரசு 1996இல் வெளியிட்ட பிரின்ஸ்-2 என்ற திட்ட மேலாண்மை முறை, இப்படிப்பட்ட குழுவில் மூன்று தரப்புக்குத்தான் இடம் தருகிறது. பணத்துக்கும் பலனுக்கும் பதில் சொல்பவர் ஒருவர். நாளைக்குப் பயன்படுத்தப் போகிறவர்களின் சார்பில் பேசுபவர். செய்து கொடுக்கும் தரப்பில் ஆளையும் உழைப்பையும் உறுதி செய்யக்கூடியவர். திட்ட மேலாளர் அதில் உறுப்பினர் இல்லை. வந்து அறிக்கை சொல்வார், உத்தரவு வாங்கிப் போவார். அங்கே ஓட்டெடுப்பும் கிடையாது. மற்ற இருவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு, பணத்துக்குப் பொறுப்பானவர் கடைசி வார்த்தையைச் சொல்வார். தப்பானால் தலை போவது அவருக்குத்தான் என்பதால் சொல்லும் உரிமையும் அவருக்கே.

சாருக்கு இது சர்வாதிகாரமாகத் தெரிந்தது. ‘முடிவுகள் ஒருமித்த கருத்தின் அடிப்படையில்’ என்று எழுதினார். பதினேழு பேர் ஒருமிப்பது என்பது அந்த மருத்துவமனையில் ஆயுத பூஜைப் பொரிக்கு மட்டுமே நடந்திருக்கிறது.

அடுத்தது அதிகாரப் பத்தி. டி.ஓ.ஆரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சாரின் கலையும் இங்கேதான் உச்சத்துக்குப் போகும். அவர் எழுதியதன்படி அந்தக் கமிட்டி ஆராயும், வழிகாட்டும், கண்காணிக்கும், ஆலோசனை வழங்கும், தேவைப்படின் பரிந்துரைக்கும். யாருக்குப் பரிந்துரைக்கும்? ‘உரிய அதிகாரிக்கு.’ உரிய அதிகாரி யார்? கமிட்டியின் தலைவர். ஆக, தலைவரே தலைவருக்குப் பரிந்துரைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்.

திட்ட மேலாளர் விடவில்லை. “சார், எவ்வளவு ரூபாய் வரைக்கும் நான் முடிவு பண்ணலாம், அதுக்கு மேல போனா யார்கிட்ட வரணும்னு ஒரு தொகை போட்டுடலாமே?”

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தொகை என்ற சொல்லைக் கேட்டால் கழற்றுவார். “தொகை போட்டா அப்புறம் அதையே புடிச்சுக்கிட்டு நிப்பாங்கம்மா. ‘அவ்வப்போது கலந்தாலோசித்து உரிய முடிவு எடுக்கப்படும்’னு போட்டுக்குங்க. அதுல எல்லாமே அடங்கிடும்.”

எல்லாமே அடங்கிவிட்டது, திட்டம் உட்பட.

கடைசியாக, எப்போது கூடுவது. சார் எதையும் ஆதாரமில்லாமல் எழுதமாட்டார். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தைப் புரட்டினார். இயக்குநர் குழு ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது என்று அதில் இருக்கிறது. அறக்கட்டளைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் நாட்டின் பெரிய கம்பெனிகளுக்கு ஆவது நமக்கு ஆகாதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் என எழுதினார். கம்பெனிக்கு ஆயுள் நிர்ணயம் இல்லை. இந்தத் திட்டத்துக்கு ஆயுள் 14 மாதம். அதில் நாலைந்து கூட்டம் என்றால், முதல் கூட்டம் அறிமுகத்திலும் கடைசிக் கூட்டம் பாராட்டிலும் போய்விடும்.

அதே சட்டத்தின் அடுத்த பிரிவைச் சார் கண்டுகொள்ளவில்லை. இயக்குநர் குழுவுக்குக் கோரம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது இருவர், எது அதிகமோ அது. அதற்கும் அடுத்த பிரிவு, கூட்டம் போடாமலே வரைவுத் தீர்மானத்தைச் சுற்றுக்கு அனுப்பி, பெரும்பான்மையினர் சம்மதித்தால் நிறைவேற்றலாம் என்கிறது. சார் வைத்த கோரம் மூன்றில் இரண்டு பங்கு. பதினேழு பேரில் பன்னிரண்டு பேர் வந்தால்தான் கூட்டம். சுற்றுக்கு அனுப்பி முடிவெடுப்பதா? “முகம் பார்த்துப் பேசினாத்தாம்மா அது கமிட்டி.”

இந்தப் பதினொரு பக்கமும் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரே ஒரு கோப்பைப் பின்தொடர்ந்தால் போதும்.

ஜனவரி 6ஆம் தேதி ஒரு விஷயம் வெளிப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறுபவர்களின் கோரிக்கை விவரங்களைப் புதிய பில்லிங்கோடு இணைப்பது ஒப்பந்தத்தில் விட்டுப்போயிருந்தது. இணைக்காமல் விட்டால் காப்பீட்டுப் பிரிவு ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் இரண்டு முறை தட்டச்சு செய்ய வேண்டும். செய்து கொடுக்கும் கம்பெனி 9 லட்சம் ரூபாய், மூன்று வாரம் என்று மதிப்பீடு கொடுத்தது. ஒதுக்கிவைத்த 30 லட்சத்தில் பணம் இருக்கிறது. ஏப்ரல் 1க்கு 12 வாரம் இருக்கிறது. வேண்டியதெல்லாம் ஒருவர் ‘சரி’ என்று சொல்வது.

அடுத்த காலாண்டுக் கூட்டம் ஜனவரி 27. அன்றைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். கோரம் இல்லை. வராதவர்களில் மூவர் பிரதிநிதிகளை அனுப்பியிருந்தார்கள். வந்த பிரதிநிதிகள் பிஸ்கட்டில் முழுச் சுதந்திரம் பெற்றிருந்தார்கள். மற்றதில் ‘சார்கிட்ட சொல்றேன்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிப்ரவரி 10 அன்று மீண்டும் கூடியபோது பதின்மூன்று பேர். சென்ற கூட்டத்தின் மினிட்ஸை உறுதி செய்வதில் முக்கால் மணி நேரம் போனது. நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் உண்டா என்பதுதான் விவாதம். அதன் பிறகு விஷயம் வந்தது. நிதி அதிகாரி, “இது நிதி சம்பந்தப்பட்டது” என்றார். யாரும் மறுக்கவில்லை. சார் மலர்ந்த முகத்தோடு நிதித் துணைக்குழு ஒன்றை முன்மொழிந்தார். துணைக்குழு இரண்டு முறை கூடி, ‘செலவு நியாயமானதாகத் தோன்றுகிறது, கமிட்டி முடிவு செய்யலாம்’ என்று திருப்பி அனுப்பியது. மார்ச் 24 அன்று ஒப்புதல் வந்தது. மினிட்ஸில் சார் எழுதிய வாசகம்: ‘விரிவாக விவாதிக்கப்பட்டு, உரிய நேரத்தில் முடிவு எடுக்கப்பட்டது.’

ஜனவரி 6லிருந்து மார்ச் 24 வரை பதினொரு வாரம். விடுமுறை போக 50 வேலைநாள். இணைப்பு உண்டா இல்லையா என்று தெரியாமல் பில்லிங் பகுதியைத் தொட முடியாததால் கம்பெனியின் ஆட்கள் மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 8,000 ரூபாய் ஒப்பந்தம், மூவருக்கும் 24,000. ஐம்பது நாளுக்குப் பெருக்கினால் 12 லட்சம். 9 லட்சம் செலவழிக்கலாமா என்று யோசிக்க 12 லட்சம் செலவாயிருந்தது. வேலை மூன்று வாரம் என்பதால் ஏப்ரல் 1 தானாகவே தள்ளிப்போனது. தள்ளிவைக்கவும் ஒப்புதல் வேண்டுமே என்று யாரோ கேட்டார்கள். அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் சேர்க்கப்பட்டது.

சாரின் மேல் இதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கோப்பைப் புரட்டிப் பாருங்கள். அவர் எதையும் மறுக்கவில்லை, எதையும் ஏற்கவும் இல்லை. பதினேழு கையெழுத்துக்கு நடுவே அவருடையது எது என்று தேடுவதற்குள் தணிக்கைக்காரருக்கே கண் வலிக்கும். சார் கமிட்டியை விரும்புவதன் ரகசியம் இதுதான். தனி ஆளாக ஒரு தாளில் ‘சரி’ என்று எழுதினால் அந்தத் தாள் பத்து வருஷம் கழித்தும் திரும்பி வரலாம் என்பதை அவர் பார்த்திருக்கிறார். எடுத்த முடிவுக்கு விளக்கக் கடிதம் கேட்பார்கள். எடுக்காத முடிவுக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் அவரைச் சோம்பேறி என்பது அநியாயம். முடிவு தன் மேல் படாமலிருக்க அவர் பாடுபடும் அளவுக்குத் திட்ட மேலாளர்கூட உழைப்பதில்லை.

மே மாதம் அறக்கட்டளைக்குப் புதிய நிர்வாக அறங்காவலர் வந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான ஓர் அம்மையார். வங்கிக் கிளையில் எந்தப் பதவிக்கு எவ்வளவு ரூபாய் வரை கடன் அனுமதிக்கலாம் என்று வரையறுத்திருப்பார்கள்; அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர். பதினொரு பக்கத்தையும் படித்துவிட்டு, “இதுல ரூபாய்ங்கற வார்த்தையே இல்லையே” என்றார். பிறகு திட்ட மேலாளரின் பழைய ஒரு பக்கத்தை வாங்கி, அதன் மேல் எழுதத் தொடங்கினார்.

உறுப்பினர் ஐந்து பேர். தலைவர் அவரே, கடைசி வார்த்தையும் அவருடையதே. நர்சிங் கண்காணிப்பாளரும் ஆய்வகத் தலைவரும் பயன்படுத்துவோர் சார்பில். நிதி அதிகாரி ஒருவர். கம்பெனியின் சார்பில், கூடுதலாக நாலு ஆள் வேண்டுமென்றால் அங்கேயே உட்கார்ந்து ஒத்துக்கொள்ளக்கூடிய ஒருவர். கம்பெனிக்குப் பணம் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் வெளியே போய்விட வேண்டும். பழைய கமிட்டியின் மற்றவர்களுக்கெல்லாம் கூட்டக் குறிப்பின் நகல் போகும். தங்கள் துறை விஷயம் வரும் நாளில் அவர்கள் வந்து பேசிவிட்டுப் போகலாம். பிரதிநிதி அனுப்பினால் அவர் சொல்வது அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி. அந்த வரி வந்த நாளிலிருந்து பிரதிநிதி அனுப்பும் பழக்கம் நின்றுபோயிற்று.

அதிகாரம் நான்கே படி. ஒரு மாற்றத்துக்கு 3 லட்சம் வரை, கடைசித் தேதி இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகாத வரை, திட்ட மேலாளரே முடிவு செய்யலாம். அப்படிச் செய்பவை எல்லாம் சேர்ந்து 9 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒன்றொன்றாக உடைத்துக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக அந்த உச்சவரம்பு. 3 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை தலைவரும் நிதி அதிகாரியும் சேர்ந்து மூன்று வேலைநாளில் சொல்ல வேண்டும். அதற்கு மேல், ஒதுக்கீட்டில் மிச்சம் இருக்கும் வரை, கமிட்டி. ஒதுக்கீடு தீர்ந்தால், அல்லது திட்டத்தையே நிறுத்த வேண்டியிருந்தால், அறங்காவலர் குழு. இந்தத் தாள் முன்பே இருந்திருந்தால் அந்த 9 லட்சம் ஜனவரி 9ஆம் தேதிக்குள் முடிந்திருக்கும்.

கூட்டம் மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் தனியாக ஒன்று: அடுத்த கட்டத்துக்குப் போகலாமா, நிறுத்தலாமா என்று அன்று சொல்லியாக வேண்டும். அவசரமென்றால் 48 மணி நேரத்தில் தொலைபேசியிலேயே கூடலாம். தாள்கள் ஐந்து வேலைநாள் முன்னதாகக் கைக்கு வர வேண்டும்; மேஜையில் வைத்து நீட்டப்படும் தாளை அன்று பேசுவதில்லை. கோரம் மூன்று பேர், அதில் தலைவரும் பயன்படுத்துவோர் ஒருவரும் கட்டாயம். மினிட்ஸ் இரண்டு நாளில், அதில் முடிவு, பொறுப்பாளர், தேதி என்ற மூன்று விவரம் மட்டும். யார் என்ன பேசினார்கள் என்பது வேண்டாம்.

கடைசி வரி, மென்பொருள் ஓடத் தொடங்கி மூன்று மாதத்தில் வரவுசெலவை முடித்துக் கமிட்டி கலைந்துவிடும் என்றது. சாருக்கு நெஞ்சில் தைத்தது அதுதான். தன் பணிக்காலத்தில் எந்தக் கமிட்டியும் கலைந்து அவர் பார்த்ததில்லை. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று அப்போது போட்ட கமிட்டிகூட அவருடைய பீரோவில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

“எல்லாம் சரிம்மா. ஆனா இவ்வளவு பெரிய மாற்றத்தை நாலு பேர் உட்கார்ந்து ஆராய வேண்டாமா?” என்றார். இந்தப் புதிய டி.ஓ.ஆரைப் பரிசீலிக்க ஒரு குழு அமைக்கலாம் என்று குறிப்பெழுதி அனுப்பினார். அம்மையார் அந்தக் குறிப்பின் ஓரத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே திருப்பி அனுப்பினார். தனி ஒருவர், ஒரே வார்த்தை, அன்றைய தேதி. சார் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பியூன் சொல்கிறார்.

புதிய தாள் வந்ததும் எல்லாம் சுபம் என்று எழுதினால் அது பொய். ஐந்து பேர் கமிட்டியும் கெட்டுப்போகும். தலைவர் மூன்று கூட்டம் தொடர்ந்து வராவிட்டால் கெடும். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று மினிட்ஸில் வரத் தொடங்கினால் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஒரே விஷயம் மூன்று கூட்டக் குறிப்புகளில் அடுத்தடுத்து இருந்தால் கெட்டே போய்விட்டது. திட்ட மேலாளர் தன் வரம்புக்குள் இருக்கும் சின்ன விஷயத்தையும் பயந்துகொண்டு மேலே அனுப்பினால், அவரிடம் யாரோ ‘எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ யாரென்று உங்களுக்கே தெரியும்.

நாளைக்கு உங்கள் மேஜைக்கும் ஒரு டி.ஓ.ஆர். கையெழுத்துக்கு வரலாம். முன்னுரையை விட்டுவிடுங்கள், நோக்கங்களையும் விட்டுவிடுங்கள். ஒரு பதவியின் பெயர், ஒரு தொகை, இத்தனை நாளுக்குள் என்ற கெடு, மூன்றும் ஒரே பத்தியில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கையெழுத்துப் போடலாம். இல்லாவிட்டால் பேனாவை மூடிவையுங்கள். அதை எழுதியவர் உங்கள் அலுவலகத்துக் கமிட்டி சார்.